குறியீடு புதிய உச்சத்தில், பங்குகள் பாதி வழியில்

கேள்வி: குறியீடு நான்கு மாதத்தில் 9 சதவீதம் ஏறிப் புதிய உச்சத்தில் இருக்கிறது. என்னிடம் இருக்கும் 22 பங்குகளின் மொத்த மதிப்போ இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. என்னோடு வர்த்தகம் செய்யும் நண்பர், "அட்வான்ஸ் டிக்ளைன் லைன் மூணு மாசமா இறங்குது, இது பொய்யான ஏற்றம், எல்லாத்தையும் வித்துடு" என்கிறார். அந்தக் கோட்டை நானே போட முடியுமா? எப்படிப் படிப்பது? நண்பர் சொல்கிறபடி விற்றுவிடலாமா?

பதில்: விற்கும் முடிவுக்குக் கடைசியில் வருவோம். அதற்கு முன் உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் பார்த்தது எந்தப் பங்குகளின் கோடு? குறியீட்டில் உள்ள பங்குகளை மட்டும் எண்ணியதா, சந்தையில் பட்டியலான எல்லாவற்றையும் எண்ணியதா? இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும் மாதங்கள் உண்டு. இதைக் கேட்காமல் வாதாடுவதால்தான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் வருகிறது.

கோடு போடுவது சுலபம். ஒரு நாள் வர்த்தகம் முடிந்ததும், முந்தைய நாளைவிட விலை ஏறி முடிந்த பங்குகள் எத்தனை, இறங்கி முடிந்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். மாறாதவற்றை விட்டுவிடலாம். ஏறியதிலிருந்து இறங்கியதைக் கழித்து வரும் எண்ணை, நேற்று வரையிலான கூட்டுத்தொகையோடு சேர்த்தால் இன்றைய புள்ளி கிடைக்கும். பங்குச் சந்தைகள் இந்த எண்ணிக்கையைத் தினமும் வெளியிடுகின்றன, அதனால் ஒவ்வொரு பங்காக நீங்கள் எண்ண வேண்டியதில்லை. விரிதாளில் B பத்தியில் ஏறியவை, C பத்தியில் இறங்கியவை, D பத்தியில் வித்தியாசம், E பத்தியில் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். E1-இல் ஏதாவது ஒரு தொடக்க எண் போதும்.

```
D2: =B2-C2
E2: =E1+D2
```

2,000 பங்குகள் உள்ள ஒரு கற்பனைச் சந்தையின் ஆறு நாட்களைப் பார்ப்போம். குறியீடு 20,000-இலும் கோடு பூஜ்யத்திலும் தொடங்குகின்றன.

| நாள் | ஏறியவை | இறங்கியவை | வித்தியாசம் | கோடு | குறியீடு |
|---|---|---|---|---|---|
| 1 | 1,150 | 780 | +370 | 370 | 20,060 |
| 2 | 900 | 1,030 | −130 | 240 | 20,110 |
| 3 | 820 | 1,120 | −300 | −60 | 20,090 |
| 4 | 960 | 980 | −20 | −80 | 20,180 |
| 5 | 700 | 1,240 | −540 | −620 | 20,150 |
| 6 | 890 | 1,050 | −160 | −780 | 20,240 |

ஆறாம் நாள் முடிவில் குறியீடு 240 புள்ளி, அதாவது 1.2 சதவீதம் ஏறியிருக்கிறது. கோடோ 780 கீழே. இரண்டாம் நாளையும் ஆறாம் நாளையும் பாருங்கள். குறியீடு நன்றாக ஏறிய நாட்கள்தான், ஆனால் ஏறியவற்றைவிட இறங்கியவை அதிகம்.

கணக்கில் இதில் மர்மம் எதுவும் இல்லை. பெரும்பாலான குறியீடுகளில் நிறுவனத்தின் சந்தை மதிப்புக்கு ஏற்பத்தான் எடை கிடைக்கிறது. 50 பங்குகள் கொண்ட ஒரு குறியீட்டில் முதல் ஐந்து நிறுவனங்களுக்கு மட்டும் 40 சதவீத எடை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்தும் ஒரே நாளில் 2 சதவீதம் ஏறினால் குறியீட்டுக்கு 0.8 சதவீதம் சேரும். மற்ற 45 பங்குகளும் சராசரியாக 0.8 சதவீதம் விழுந்தால், 60 சதவீத எடையில் அது 0.48 சதவீதக் குறைவு. கழித்துப் பார்த்தால் குறியீடு 0.32 சதவீதம் மேலே. பத்தில் ஒன்பது பங்குகள் இறங்கிய நாள், செய்தியில் "சந்தை உயர்வு" என்று வரும். அட்வான்ஸ் டிக்ளைன் கணக்கில் எடையே கிடையாது. பெரிய நிறுவனத்துக்கும் ஒரு ஓட்டு, சிறியதற்கும் ஒரு ஓட்டு. அங்கே அதே நாளின் பதிவு 5 கழித்தல் 45, மைனஸ் 40.

சரி, மேலே உள்ள அட்டவணையை வைத்து "ஏற்றத்துக்கு ஆதரவில்லை" என்று சொல்லலாமா? கூடாது. ஆறு நாளில் இப்படி விலகுவது வருடத்தில் பல முறை நடக்கும், பெரும்பாலும் அடுத்த வாரமே சரியாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. −780 என்ற எண்ணுக்குத் தனியாக அர்த்தமே இல்லை. தொடக்க எண்ணை 50,000 என்று வைத்திருந்தால் இன்று 49,220 என்று காட்டியிருக்கும். கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பது நீங்கள் எங்கே எண்ணத் தொடங்கினீர்கள் என்பதை மட்டும் பொறுத்தது. பார்க்க வேண்டியது கோட்டின் வடிவத்தை, குறிப்பாக உச்சங்களையும் பள்ளங்களையும்.

நான் பார்க்கும் முறை இது. குறியீட்டின் படத்துக்குக் கீழே அதே தேதிகளில் கோட்டை வையுங்கள். குறியீடு ஒரு உச்சம் தொட்டு, சில வாரங்கள் இறங்கி, பிறகு அந்த உச்சத்தைத் தாண்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதே இரண்டு இடங்களில் கோடும் பழைய உச்சத்தைத் தாண்டியிருந்தால் ஏற்றத்தில் பெரும்பாலான பங்குகள் சேர்ந்திருக்கின்றன, பிரச்சினை இல்லை. தாண்டவில்லை என்றால் குறியீடும் கோடும் எதிரெதிராக விலகும் டைவர்ஜென்ஸ் தொடங்கியிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதற்குப் பின் கோடு, அந்த இரண்டு உச்சங்களுக்கு நடுவே இருந்த பள்ளத்துக்கும் கீழே போகிறதா என்று பாருங்கள். குறியீடு மேலேயே நிற்க, கோடு தன் பழைய பள்ளத்தை உடைத்தால்தான் நான் அதைப் பொருட்படுத்துவேன். "மூணு மாசமா இறங்குது" என்று உங்கள் நண்பர் சொல்வதில் இந்த விவரம் எதுவும் இல்லை. எந்த உச்சத்தை எதோடு ஒப்பிட்டார் என்று கேளுங்கள்.

இப்போது எந்தக் கோடு என்ற கேள்விக்குத் திரும்புவோம். முழுச் சந்தையையும் எண்ணும்போது உள்ளே என்னவெல்லாம் வருகிறது என்று பார்க்க வேண்டும். நியூயார்க் பங்குச் சந்தையின் கோடுதான் இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. அந்த எண்ணிக்கையில் சாதாரணப் பங்குகளோடு முன்னுரிமைப் பங்குகளும், கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் மூடிய வகை ஃபண்டுகளும் சேர்ந்திருக்கின்றன. இவை வட்டி விகிதத்தைப் பார்த்து நகர்பவை. வட்டி குறையும்போது ஒட்டுமொத்தமாக ஏறி, நிறுவனங்களின் பங்குகள் தடுமாறும்போதும் கோட்டை நன்றாக இருப்பதுபோல் காட்டும். வட்டி ஏறும்போது நேர்மாறாகக் கோட்டை அழுத்தும். அதனால்தான் பலர் சாதாரணப் பங்குகளை மட்டும் தனியாக எண்ணி இன்னொரு கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

நாஸ்டாக் சந்தையின் கோட்டில் வேறொரு கோளாறு. அது பல பத்தாண்டுகளாகவே கீழ்நோக்கிச் சாய்ந்து வருகிறது, அந்தக் காலத்தில் நாஸ்டாக் குறியீடு பல மடங்கு ஏறியிருந்தும். அங்கே இளம் நிறுவனங்கள் நிறையப் பட்டியலாகின்றன. பல வருடக்கணக்கில் சிறிது சிறிதாக விழுந்து, கடைசியில் பட்டியலை விட்டே போய்விடுகின்றன. நிறுவனம் போனாலும் அது விழுந்த நாட்களின் மைனஸ் கூட்டுத்தொகையில் அப்படியே தங்கிவிடுகிறது. ஜெயித்த சில நிறுவனங்கள் நூறு மடங்கு ஏறினாலும் ஒரு நாளைக்கு ஒரு ஓட்டுதான். இப்படிப்பட்ட கோடு புதிய உச்சம் தொடவில்லை என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. அது எப்போதுமே அப்படித்தான். புதிய சிறு நிறுவனங்கள் அதிகம் வந்துசேரும் எந்தச் சந்தையிலும் இந்தச் சாய்வை எதிர்பார்க்கலாம்.

ஆகவே "குறியீட்டின் ஏற்றத்துக்கு அதன் சொந்த உறுப்பினர்களே ஆதரவு தருகிறார்களா?" என்பது கேள்வி என்றால், குறியீட்டில் உள்ள பங்குகளை மட்டும் எண்ணிய கோட்டைத்தான் பார்க்க வேண்டும். "சந்தை முழுக்க என்ன நடக்கிறது?" என்பது வேறு கேள்வி, அதற்கு முழுச் சந்தைக் கோடு. உங்கள் விஷயத்தில் இரண்டையும் பாருங்கள் என்பேன். குறியீட்டுக் கோடு நன்றாக இருந்து, முழுச் சந்தைக் கோடு மட்டும் இறங்கினால் பெரிய நிறுவனங்கள் பரவலாக நன்றாக இருக்கின்றன, சிறியவை விழுகின்றன என்று பொருள். குறியீட்டுக் கோடே இறங்கினால், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பங்குகள்தான் ஏற்றத்தைத் தாங்குகின்றன.

இடையில் ஒரு சின்ன விஷயம். பத்துப் பதினைந்து ஆண்டுகளை ஒரே படத்தில் பார்க்கப்போகிறீர்கள் என்றால், வித்தியாசத்தை அப்படியே கூட்டாமல் ஏறியவை, இறங்கியவை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டுக் கூட்டுங்கள். பட்டியலான பங்குகள் 1,500-இலிருந்து 3,000 ஆகும்போது சாதாரண நாளின் வித்தியாசமும் இரட்டிப்பாகிவிடும், சமீப ஆண்டுகள் மட்டும் பூதாகாரமாகத் தெரியும். ஓரிரு வருடப் படத்துக்கு இந்தத் தொல்லை வேண்டாம்.

அடுத்தது உங்கள் நண்பர் சொல்லாத பகுதி: காலம். இதற்கு 1998 முதல் 2000 வரை அமெரிக்காவில் நடந்ததைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. நியூயார்க் சந்தையின் கோடு 1998 ஏப்ரல் தொடக்கத்தில் உச்சம் தொட்டது. அப்போது அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 1,120-இல் இருந்தது. ஜூலை நடுவில் குறியீடு 1,186 வரை போய்ப் புதிய உச்சம் வைத்தது, கோடு வைக்கவில்லை. பாடப்புத்தக டைவர்ஜென்ஸ். அடுத்த ஆறு வாரங்களில், ஆகஸ்ட் முடிவதற்குள், குறியீடு 957-க்கு வந்தது. ஏறக்குறைய 19 சதவீத வீழ்ச்சி. கோட்டைப் பார்த்து விற்றவர்கள் அப்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நவம்பரிலேயே குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. கோடு தாண்டவில்லை. 1999 முழுக்கக் குறியீடு ஏறியது, கோடு இறங்கியது. 2000 மார்ச் 24 அன்று குறியீடு 1,527-ஐத் தொட்டபோது கோடு உச்சத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக விலகியிருந்தது. அதன் பிறகு 2002 அக்டோபர் வரை குறியீடு பாதிக்குப் பாதி அழிந்தது. "கோடு சரியாகச் சொன்னது" என்று இதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. உண்மைதான், சொன்னது. ஆனால் 1998 ஏப்ரலில் விற்றவர் அந்த வீழ்ச்சிக்கு முன் வந்த 36 சதவீத ஏற்றத்தை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்திருப்பார். 1998 நவம்பரில் அதே கோட்டை நம்பி விலை இறங்கும் என்று பந்தயம் கட்டியவருக்கு 2000 மார்ச் வரை கணக்கில் பணம் மிச்சமிருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அந்தக் கதையின் பின்பகுதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. 2001-இல் குறியீடு விழுந்துகொண்டிருந்தபோது நியூயார்க் கோடு ஏறியது. வட்டி குறைந்ததால் கடன் பத்திர ஃபண்டுகள் ஏறியதும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமில்லை. 1998-லிருந்து யாரும் சீண்டாமல் கிடந்த சிறு நிறுவனங்களும் மலிவு விலைப் பங்குகளும் அப்போது ஏறத் தொடங்கியிருந்தன. கோடு இறங்கிய இரண்டு ஆண்டுகளில் அடிவாங்கிய பங்குகளில் பலவற்றுக்குக் குறியீட்டின் பெரிய வீழ்ச்சியில் மேலும் அடி விழவில்லை. இதை உங்கள் 22 பங்குகளோடு சேர்த்து யோசியுங்கள்.

மற்ற சந்தர்ப்பங்களில் இடைவெளி வேறு வேறாக இருந்திருக்கிறது. 2007-இல் கோடு ஜூனில் உச்சம், குறியீடு அக்டோபரில் உச்சம், நான்கு மாதம்தான். 2020 பிப்ரவரியில் இடைவெளியே இல்லை. கோடும் குறியீடும் சேர்ந்து உச்சத்தில் நின்றன, அப்புறம் ஐந்து வாரத்துக்குள் குறியீடு 34 சதவீதம் விழுந்தது. பெருந்தொற்று மாதிரி வெளியிலிருந்து வரும் அடியைக் கோடு முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகக் கோடு நன்றாக இருப்பதும் பாதுகாப்பு உத்தரவாதம் இல்லை.

டைவர்ஜென்ஸ் வந்தால் குறியீடு விழுந்துதான் தீர வேண்டும் என்றும் இல்லை. 2023-இல் எஸ் அண்ட் பி 500 சுமார் 24 சதவீதம் ஏறியது, அதில் பெரும்பங்கு ஏழு பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுடையது. அதே 500 நிறுவனங்களுக்கும் சம எடை கொடுக்கும் குறியீடு அக்டோபர் இறுதியில் ஆண்டுத் தொடக்கத்தைவிடக் கீழே கிடந்தது. குறுகிய ஏற்றம், இப்போது விழும் என்று பலர் எழுதினார்கள். நவம்பர், டிசம்பரில் மற்ற பங்குகள் கிடுகிடுவென்று ஏறி இடைவெளியைக் குறைத்தன. சம எடைக் குறியீடும் ஆண்டை 11 சதவீதத்துக்கு மேல் லாபத்தில் முடித்தது. குறுகிய ஏற்றம் தலைவர்கள் விழுந்தும் முடியலாம், பின்தங்கியவர்கள் எழுந்துவந்தும் முடியலாம். கோட்டை மட்டும் பார்த்து இதில் எது நடக்கும் என்று சொல்ல முடியாது.

என் அபிப்பிராயம் இதுதான்: அட்வான்ஸ் டிக்ளைன் கோடு நாளை என்ன ஆகும் என்பதைச் சுமாராகத்தான் சொல்கிறது. இன்று சந்தையில் ஏறுவது யார், இறங்குவது யார் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டாவது பயனுக்காக அதைப் பாருங்கள்.

அதைச் சரிபார்க்க இன்னும் ஒரே ஒரு அளவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டில் 0.05 சதவீதம் ஏறிய பங்கும் 10 சதவீதம் ஏறிய பங்கும் ஒன்றுதான், அது ஒரு பலவீனம். 200 நாள் சராசரி விலைக்கு மேல் நிற்கும் பங்குகள் எத்தனை சதவீதம் என்ற அளவில் இந்தத் தினசரிச் சில்லறை அசைவுகள் அடிபட்டுப்போகும். அதற்குத் தொடக்கத் தேதிப் பிரச்சினையும் இல்லை, பழைய நிறுவனங்களின் மைனஸ் தங்குவதும் இல்லை. குறியீடு புதிய உச்சத்தில் இருக்கும்போது அதன் உறுப்பினர்களில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தச் சராசரிக்கு மேலே இருந்தால், கோடு கொஞ்சம் தயங்கினாலும் நான் கவலைப்பட மாட்டேன். உச்சத்தில் இருக்கும்போதே பாதிக்கும் குறைவானவைதான் மேலே என்றால் கோடு சொல்வதை நம்புவேன். இந்த எல்லைகள் என் பழக்கத்தில் வந்தவை, சட்டம் இல்லை. கூர்ந்து பார்க்க வேண்டியது அந்தச் சதவீதம் உச்சத்துக்கு உச்சம் குறைந்துகொண்டே வருகிறதா என்பதை.

இனி உங்கள் விஷயம். குறியீடு 9 சதவீதம் ஏறியும் உங்கள் 22 பங்குகள் அசையவில்லை என்பதே ஒரு சின்ன அட்வான்ஸ் டிக்ளைன் கணக்கு. உங்களிடம் இருப்பவற்றில் குறியீட்டின் முதல் பத்து எடைக்குள் வருபவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் நண்பர் பயமுறுத்தும் வீழ்ச்சியில் ஒரு பகுதி உங்கள் பங்குகளில் ஏற்கெனவே நடந்துவருகிறது. எல்லாவற்றையும் விற்றால், இதுவரை ஏறாதவற்றை விற்கிறீர்கள். ஏறியவை உங்களிடம் இல்லையே.

ஒட்டுமொத்தமாக விற்பதற்குப் பதில், 22-ஐயும் தனித்தனியாக அதன் 200 நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். சராசரிக்கு மேல் நின்று மெதுவாக ஏறுபவற்றைத் தொட வேண்டாம். கீழே விழுந்து, சராசரியும் கீழ்நோக்கித் திரும்பிவிட்ட பங்குகளில், நிறுவனத்தின் வருமானம் குறைந்திருக்கிறதா என்று கடைசி இரண்டு காலாண்டு முடிவுகளைப் பாருங்கள். குறைந்திருந்தால் அவற்றை விற்க, கோடு இறங்குகிறது என்ற காரணமே தேவையில்லை. வருமானம் நன்றாக இருந்து விலை மட்டும் விழுந்திருந்தால் வைத்திருக்கலாம், ஆனால் கோடு திரும்பும் வரை அதில் புதிதாகப் பணம் போட்டுச் சராசரி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். குறுகிய ஏற்றத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குறியீடு உச்சத்தில் இருக்கிறதே, இதுவும் எழுந்துவிடும் என்று வாங்கிக்கொண்டே போவார்கள். எழலாம், ஆனால் 1998-இல் காத்திருந்தவர்களுக்கு அது இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது.

கடன் வாங்கியோ மார்ஜினிலோ வைத்திருந்தால் மட்டும் என் பதில் மாறும். அந்தப் பகுதியை இந்த வாரமே குறையுங்கள். கோட்டின் கணிப்பு இரண்டு மாதத்தில் பலித்தாலும் இரண்டு ஆண்டில் பலித்தாலும், மார்ஜின் கணக்கு அவ்வளவு நாள் பொறுக்காது.